சொட்டும் தெளிப்பான்



சென்ற சம்பாப் பருவத்தில் ஒரு நாள் காலை, என் நெல் வயலில் பூச்சிமருந்து தெளித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வரப்பேறி வந்தார். அவருடைய சட்டை முதுகிலிருந்து இடுப்புவரை நனைந்திருந்தது. "வேர்வைதான், ஐயா. பம்பு ஏறவே மாட்டேன் என்கிறது, அடித்தடித்துக் கை ஓய்ந்துவிட்டது" என்றார். அருகில் சென்றதும் மருந்தின் நெடி வீசியது. அது வேர்வையன்று. உடனே சட்டையைக் களையச் செய்து, சோப்பிட்டுக் குளிக்கவைத்து, மாற்றுடை கொடுத்தேன். நல்ல வேளையாக அவருக்குத் தீங்கொன்றும் நேரவில்லை. அன்று முழுவதும் அந்தத் தெளிப்பானோடுதான் கழித்தேன். அதில் நான் கண்டதையே இங்குச் சொல்ல விரும்புகிறேன்.

கழற்றுமுன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. கோலின் நுனியைக் கீழ்நோக்கிப் பிடித்துத் திறப்பை அழுத்தி, உள்ளே எஞ்சிய அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். பிறகு தொட்டியை மும்முறை கழுவி, அந்நீரை மருந்து தெளித்த அதே வயலிலேயே விட வேண்டும், வாய்க்காலில் கொட்டலாகாது. கையுறையும் அவசியம்.

பிறகு தொட்டியில் நான்கு லிட்டர் நல்ல நீர் ஊற்றி, திறப்பை மூடியபடியே நெம்புகோலை அடித்துப் பார்த்தேன். நல்ல தெளிப்பானாயின் சில அடிகளில் கைப்பிடி கனக்கத் தொடங்கும். இதுவோ எத்தனை அடித்தும் இலேசாகவே இருந்தது. நீர் பிஸ்டனின் ஓரமாக நழுவித் தொட்டிக்கே திரும்புகிறது என்பது இதன் பொருள். பிஸ்டனைக் கழற்றினேன். அதன்மேலுள்ள கிண்ணம் போன்ற வாஷரின் விளிம்பு தேய்ந்து, ஒரு பக்கம் கிழிந்திருந்தது. புதிய வாஷரைப் பொருத்துகையில் கிண்ணத்தின் வாய், நீரைத் தள்ளும் பக்கத்தை நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக வைத்தால் புதிய வாஷரும் பயன்படாது. தோல் வாஷராயின் தாவர எண்ணெயில் ஓரிரவு ஊறவைத்து இடுவது நலம். ரப்பர் வாஷருக்கு இயந்திர எண்ணெய் ஆகாது. சாதாரண ரப்பர் அதில் ஊதிக் கெட்டுப்போகும்.

இப்போது கைப்பிடி நன்கு கனத்தது. வேலை முடிந்தது என்று நான் எண்ணியிருந்தால் பெரும்பிழை செய்தவனாவேன். ஏனெனில், அதுவரை சொட்டுச் சொட்டாகக் கசிந்த ரப்பர் குழாய், இப்போது ஊசிபோல் நீரைப் பீச்சியது! பழுதடைந்த வாஷர், குழாயின் பழுதைப் பாதி மறைத்து வைத்திருந்தது. வாஷரை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால், பெரியவரின் முதுகில் முன்னினும் அதிகமாகவே மருந்து பாய்ந்திருக்கும்.

வெடிப்பு எங்கே? தொட்டியின் அடியில், இரும்புப் பட்டை குழாயை இறுக்கும் இடத்தை ஒட்டி. குழாய் ஓயாமல் வளையுமிடம் அது. நேராக வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. விரலால் வளைத்தால் வாய் பிளந்து காட்டும். குழாயில் நீளம் மிச்சமிருந்தமையால், வெடித்த முனையை நேர்வெட்டாக நறுக்கிவிட்டு மீண்டும் பொருத்தினேன். நடுவில் வெடித்திருந்தால் புதுக்குழாய்தான் வழி. துணியையோ ஒட்டுநாடாவையோ சுற்றுவதால் கசிவு நிற்காது. மருந்தில் ஊறிய துணி உடலில் உராய்வதே மிச்சம்.

அடுத்தது கோல். திறப்பை மூடியபின்னும் நுனி சொட்டினால் குற்றம் நுனியில் இல்லை. திறப்பினுள் இருக்கும் வால்வில் உள்ளது. அதில் ஒரு மணற்பொடி சிக்கியிருந்தது, கழுவியதும் சரியாயிற்று. கோலின் மூட்டில் கசிந்ததோ வேறு காரணத்தால். அங்கே நீரைத் தடுப்பது திருகன்று. உள்ளிருக்கும் சிறு வாஷர். அது நசுங்கிய பின் மறையை எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை. பிளாஸ்டிக் மறை உடைவதுதான் பலன். வாஷரை மாற்றிக் கையால் இறுக்கினேன், போதுமானதாயிற்று.

கடைசியாக ஒரு சோதனை. ஒரே சீராக அடித்து, ஒரு நிமிடத்தில் வெளிவரும் நீரை அளவுக்குவளையில் பிடித்தேன். பழுதோடு 450 மில்லிலிட்டர் வந்தது. பழுது நீங்கியபின் 700 வந்தது. அதாவது, அதே நடையில் நடந்த பெரியவர் பயிருக்கு உரியதில் மூன்றில் இரண்டு பங்குகூடத் தெளிக்கவில்லை. அழுத்தம் குன்றியதால் துளிகளும் பெருத்து, இலையில் தங்காமல் உருண்டு விழுந்தன.

அந்த 700 என்ற எண்ணைத் தொட்டியின்மேல் வண்ணத்தால் எழுதிவைத்திருக்கிறேன். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் நல்ல நீரால் அளந்து பார்க்கிறோம். அளவு குறைந்தாலோ, எங்கேனும் ஈரம் கண்டாலோ, அன்று அத்தெளிப்பான் யாருடைய முதுகிலும் ஏறுவதில்லை.