குறட்டை நின்றுபோகும் அந்த நொடிகள்

“குடிச்ச அன்னைக்கு அசையாமத் தூங்குறார் டாக்டர். ஆனா குறட்டை தெருவுக்கே கேக்கும். திடீர்னு நின்னுடும். மூச்சு வருதான்னு நான் எழுந்து உட்கார்ந்து பாப்பேன்.”

ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களின் மனைவிமார் பலர் ஏறக்குறைய இப்படித்தான் சொல்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டிய சொல் ‘அசையாம’ என்பது. வீட்டார் அதை நல்ல தூக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆபத்து இருப்பதே அதில்தான்.

நம் தொண்டைக்கு மூச்சுக்குழாயைப் போலக் குருத்தெலும்பு வளையங்கள் கிடையாது. சுற்றியுள்ள தசைகள்தான் அதைத் திறந்து வைத்திருக்கின்றன. அவற்றில் முக்கியமானது, நாக்கின் அடிப்பகுதியை முன்னோக்கி இழுத்துப் பிடிக்கும் தசை. தூங்கும்போது எல்லோருக்கும் அது கொஞ்சம் தளரும். கழுத்துப் பருமனோ சிறிய தாடையோ உள்ளவர்களுக்கு அந்தத் தளர்ச்சியே வழியைக் குறுக்கிவிடுகிறது. குறுகிய வழியில் காற்று அதிர்ந்து போவது குறட்டை. வழி அடைபட்டுப் பத்து நொடியாவது மூச்சு நின்றால் அது ஆப்னியா. நோய் கடுமையானவர்களுக்கு மணிக்கு முப்பது தடவைக்கு மேல் இப்படி மூச்சு தடைபடும்.

மது இந்தத் தசைக்கு வரும் நரம்புக் கட்டளையை மேலும் மட்டுப்படுத்துகிறது. கூடவே மூக்கின் உட்புற ரத்தக்குழாய்களை விரித்து மூக்கடைப்பை உண்டாக்குகிறது. மூக்கு அடைத்தால் காற்றைப் பலமாக உறிஞ்ச வேண்டும். நனைந்த காகித ஸ்ட்ராவில் ஜூஸை வேகமாக உறிஞ்சிப் பாருங்கள், ஸ்ட்ராவின் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும். தளர்ந்த தொண்டைக்கும் அதே கதிதான்.

இவ்வளவோடு நின்றால்கூடப் பரவாயில்லை. மூச்சு நின்றதும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைகிறது, கரியமில வாயு ஏறுகிறது, மார்பு காற்றுக்காகப் போராடுகிறது. ஒரு கட்டத்தில் மூளை அரை விழிப்புக்கு வந்து தொண்டைத் தசையை முறுக்குகிறது. ‘கர்ர்’ என்று ஒரு பெருமூச்சு. ஸ்லீப் ஆப்னியா உள்ளவரைக் காப்பாற்றுவது இந்த விழிப்புதான். மது அதையே தாமதப்படுத்துகிறது. பதினைந்து நொடியில் முடிய வேண்டிய தடை முப்பது, நாற்பது நொடிக்கு நீளலாம். ஆக்ஸிஜனும் அதற்கேற்ப இன்னும் கீழே இறங்குகிறது. புரளாமல், விழிக்காமல் அவர் கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

ஏன் படுக்கப்போகும் நேரத்தில் குடிப்பது மோசம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குவார்ட்டர் என்பது 180 மில்லி. 42.8 சதவீத ஆல்கஹால் என்றால், அதில் கலப்பற்ற ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம். கல்லீரல் மணிக்கு ஏழு முதல் பத்து கிராம் வரைதான் அகற்றும். இரவு ஒன்பதரைக்குக் குடித்து முடித்துப் பத்தரைக்குப் படுப்பவருக்கு, தூக்கத்தின் முதல் சில மணி நேரத்தில் ரத்தத்தில் மது மிக அதிகமாக இருக்கும். அது முழுவதும் இறங்க விடியற்காலை நான்கு, ஐந்து மணிகூட ஆகலாம். இறங்கும் வேளையிலும் நிம்மதியில்லை. முன்னிரவில் மது அமுக்கி வைத்த கனவுத் தூக்கம் பின்னிரவில் கூடுதலாக வரும். கனவுத் தூக்கத்தில் தசைகள் இயல்பாகவே மிகவும் தளர்ந்திருக்கும் என்பதால் அப்போதும் மூச்சு தடைபடும்.

படுப்பதற்கு நான்கு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒரு சிறிய பெக்குக்கு அது போதும். மேலே போட்ட கணக்குப்படி குவார்ட்டருக்குப் போதாது. ஸ்லீப் ஆப்னியா உறுதியானவர்கள் மாலைக் குடியை விட்டுவிடுவதுதான் சரி என்பேன். தினமும் நிறையக் குடிப்பவர் மட்டும் தானாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்பதால் மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். மதுவோடு தூக்க மாத்திரை சேர்ப்பது உயிருக்கே ஆபத்து.

பரிசோதனையில் ஒரு சிக்கல் உண்டு. தூக்கப் பரிசோதனைக்குப் போகும் இரவில் பெரும்பாலோர் குடிப்பதில்லை. அறிக்கையில் ‘லேசானது’ என்று வரும். ஆனால் வாரத்தில் நான்கு நாள் அவர் தூங்குவது வேறு விதமான தூக்கம். எவ்வளவு, எத்தனை மணிக்குக் குடிப்பார் என்பதை ஒளிக்காமல் மருத்துவரிடம் சொன்னால்தான் அந்த அறிக்கையைச் சரியாகப் படிக்க முடியும். காற்றழுத்தம் தரும் சிபாப் கருவி வைத்திருப்பவர்களுக்கும் இதில் விலக்கில்லை. குடித்த இரவுகளில் மாஸ்க்கை மாட்ட மறந்து உறங்கிவிட்டால் கருவியால் பயனில்லை.

மனைவி ஒரு காரியம் செய்யலாம். குடித்த இரவிலும் குடிக்காத இரவிலும் படுத்த முதல் இரண்டு மணி நேரத்துச் சத்தத்தை செல்போனில் பதிவு செய்யலாம். குறட்டை நின்ற இடத்திலிருந்து அடுத்த பெருமூச்சு வரை எத்தனை நொடி என்று எண்ணிப் பார்த்து, அந்த இரண்டு பதிவுகளையும் மருத்துவரிடம் போட்டுக் காட்டலாம்.