எழுத்தில் சிக்கிய நிலக்கடலை

1940களின் தொடக்கத்தில் லண்டன் நீதிமன்றத்துக்கு ஒரு நிலக்கடலை வழக்கு வந்தது. எல்சி எனப்படும் வங்கிக் கடன் உறுதிக் கடிதத்தில் சரக்கின் பெயர் ‘கோரமண்டல் நிலக்கடலை’. இன்வாய்ஸிலும் அதே பெயர். பில் ஆஃப் லேடிங் என்ற கப்பல் ரசீதிலோ ‘இயந்திரத்தில் உடைத்த நிலக்கடலைப் பருப்பு’ என்று இருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்பது கடலை வியாபாரிகளுக்குத் தெரியும். ஆனாலும் ஹாம்ப்ரோஸ் வங்கி பணம் தர மறுத்தது. வங்கி செய்தது சரி என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம்.

எல்சியில் வங்கி பார்ப்பது காகிதத்தை மட்டும்தான், சரக்கை அல்ல. இறக்குமதியாளரின் வங்கி, ‘கேட்ட ஆவணங்கள் கேட்டபடி வந்தால் பணம் தருகிறேன்’ என்று உறுதி தருகிறது. ஏற்றுமதியாளர் சரக்கைக் கப்பலேற்றி, ஆவணங்களைத் தன் வங்கி வழியே அனுப்புகிறார். 2007 ஜூலை முதல் நடப்பில் உள்ள யுசிபி 600 விதிகளின்படி, ஆவணங்களைச் சரிபார்க்க வங்கிக்கு அதிகபட்சம் ஐந்து வேலை நாட்கள் உண்டு. மறுப்பதென்றால் எல்லாக் குறைகளையும் ஒரே அறிவிப்பில், அந்த அவகாசத்துக்குள் சொல்லிவிட வேண்டும். தவறினால் பிறகு குறை சொல்ல முடியாது.

இந்த விதிகள் கொஞ்சம் இளகியிருக்கின்றன. இன்வாய்ஸில் மட்டும் சரக்கின் விவரம் எல்சியோடு பொருந்த வேண்டும். மற்ற ஆவணங்களில் பொதுவான பெயர் போதும், முரண்படக்கூடாது. பொருளை மாற்றாத எழுத்துப் பிழைக்காக மறுப்பதும் முறையல்ல.

ஆனால் எண்ணிக்கையும் தேதியும் இளகவில்லை. திருப்பூர் நிறுவனம் ஒன்றுக்கு 10,000 டி-ஷர்ட்டுகளுக்கு எல்சி வந்ததாக வைத்துக்கொள்வோம். கப்பலேற்றக் கடைசி நாள் மார்ச் 31, எல்சி காலாவதி ஏப்ரல் 15. தைத்தது வீணாக வேண்டாம் என்று 10,050 உருப்படிகளை அனுப்பினால் அதுவே குறை. எடையில் குறித்த சரக்குக்குத்தான், எல்சி வேறாகச் சொல்லாதவரை, ஐந்து சதவீத ஏற்ற இறக்கம் கிடைக்கும். உருப்படிக் கணக்குக்குக் கிடையாது.

சரக்கு மார்ச் 28-ல் கப்பலேறுகிறது. ஆவணம் தர 21 நாள் உண்டென்று கணக்கிட்டு ஏப்ரல் 17-ல் வங்கிக்குப் போனால் தாமதம். எல்சி 15-ம் தேதியே முடிந்துவிட்டது. எது முதலில் வருகிறதோ அதுவே கெடு.

மறுப்பு வந்தபின் பணம் வாங்குபவரின் தயவில் நிற்கிறது. சந்தை விலை இறங்கியிருந்தால் அவர் குறையைக் காட்டித் தள்ளுபடி கேட்பார். சரக்கு அயல்நாட்டுத் துறைமுகத்தில் வாடகை ஏற்றிக்கொண்டிருக்கும்.

எனவே எல்சி கைக்கு வந்த அன்றே வரிவரியாகப் படியுங்கள். நிறைவேற்ற முடியாத நிபந்தனை இருந்தால் கப்பலேற்றும் முன் திருத்தம் கேளுங்கள். ஆவணங்களைக் கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். குறை சொன்னாலும் திருத்தி மீண்டும் தர நேரம் இருக்கும்.