தம்ப்நெயிலில் எதற்கு இடம்?

ஒரு தையல் பயிற்சி நிலையம் ‘பிளவுஸ் கட்டிங்’ ஆன்லைன் வகுப்புக்கு யூடியூப் தம்ப்நெயில் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அளவு 1280-க்கு 720 பிக்சல். கணினித் திரையில் பெரிதாகத் தெரிவதால் ஆசிரியை படம், கத்தரிக்கோல், டேப், ஊசி, கட்டணம், போன் நம்பர் எல்லாவற்றையும் திணித்துவிடுகிறார்கள். கைபேசியில் சுருங்கும்போது நம்பர் வெறும் கோடாகிவிடும்.

ஆசிரியையைத் தோள்வரை மட்டும் வெட்டி வலப்பக்கம் வையுங்கள். பார்வை இடப்பக்கத் தலைப்பின் மேல் இருக்கட்டும். கத்தரிக்கோல் ஐகான் ஒன்றே போதும். வலது கீழ்மூலையில் எழுத்து வேண்டாம். வீடியோவின் நேர அளவு அங்கேதான் வந்து உட்காரும்.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். வரிகளை நெருக்கினால் மேல்வரி ‘ழு’வின் வால் கீழ்வரிப் புள்ளியில் இடிக்கும். மிகத் தடித்த எழுத்துருவில் ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். முடித்ததும் படத்தைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிப் பாருங்கள். படிக்க முடியாததை எடுத்துவிடலாம்.