ரேடியாலஜியா, பொது மருத்துவமா?

நீட் பி.ஜி. தரவரிசையில் முன்னணியில் வருகிறவருக்குக் கலந்தாய்வில் ரேடியாலஜியும் கிடைக்கும், பொது மருத்துவமும் கிடைக்கும். இரண்டும் மூன்றாண்டு எம்.டி. படிப்புகள். பார்வைக்குச் சமமாகத் தெரியும் இந்தக் கால அளவுதான் முதலில் ஏமாற்றுகிறது.

18 வயதில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர் நான்கரை ஆண்டுப் படிப்பையும் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சியையும் முடிக்கும்போது 23 வயதைத் தாண்டியிருப்பார். முதல் முயற்சியிலேயே இடம் கிடைத்தால் ரேடியாலஜியில் 27 வயதுவாக்கில் முழு நிபுணராகலாம். பொது மருத்துவம் எடுப்பவர்களில் பலரின் கண் இதயவியல் மீதோ நரம்பியல் மீதோ இருக்கும். அதற்கு இன்னொரு நுழைவுத் தேர்வும் மூன்றாண்டு டி.எம். படிப்பும் வேண்டும். தேர்வுக்காக ஓராண்டு போனாலும், அரசுப் பணி ஒப்பந்தம் குறுக்கிட்டாலும் வயது 32-ஐ நெருங்கிவிடும். வீட்டில் வருமானத்துக்கு வேறு வழியில்லாதவருக்கு இந்த ஐந்து ஆண்டுகள் சிறிய விஷயமல்ல.

அன்றாட வாழ்க்கையும் படிப்போடு மாறிவிடுவதில்லை. மாரடைப்பு நோயாளி வந்து சேர்ந்த 90 நிமிடங்களுக்குள் அடைபட்ட ரத்தக்குழாயைத் திறப்பது இலக்கு என்பதால், ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் இதய மருத்துவருக்கு ஐம்பது வயதிலும் நள்ளிரவு அழைப்பு வரும். ரேடியாலஜிஸ்டுக்கும் இரவு வேலை உண்டு. ஆனால் சி.டி. படங்களை வீட்டிலிருந்தே பார்த்து அறிக்கை தர இன்று வழியிருக்கிறது.

தேவை என்று வரும்போது தராசு மறுபக்கம் சாய்கிறது. ரேடியாலஜிஸ்டின் தொழில் இயந்திரத்தோடு கட்டுண்டது. சொந்த ஸ்கேன் மையத்துக்குப் பெரும் முதலீடு தேவை. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் சட்டத்தின்கீழ் பதிவு செய்து, கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் படிவம் நிரப்பிப் பராமரிக்கவும் வேண்டும். பொது மருத்துவர் ஒரு மேசை, ஸ்டெதஸ்கோப், ஈ.சி.ஜி. கருவியோடு சிறு நகரத்தில் கிளினிக் தொடங்கிவிடலாம்.

கடைசியில் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது மனப்பாங்கு. ரேடியாலஜியில் நாளின் ஐம்பதாவது படத்தையும் முதல் படத்துக்குக் கொடுத்த அதே கவனத்தோடு பார்க்க வேண்டும். நோயாளியின் நன்றி பெரும்பாலும் வேறொருவரிடம் போய்ச் சேரும். பொது மருத்துவத்தில் காரணம் பிடிபடாத காய்ச்சலை நாள் கணக்கில் தொடர வேண்டும். அதே சர்க்கரை நோயாளியிடம் இருபது ஆண்டுகள் அதே உணவுக் கட்டுப்பாட்டைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். அரிய நோயைப் பார்க்கும் பரவசத்தை வைத்துத் துறையை மதிப்பிடுவது தவறு. வழக்கமான வேலை சலிக்கிறதா என்பதே சரியான அளவுகோல்.

பொது மருத்துவ வார்டில் ஹவுஸ் சர்ஜன்கள் வாரக்கணக்கில் வேலை பார்க்கிறார்கள். ரேடியாலஜி அறையிலோ, விருப்பப் பணியாக எடுத்தால்கூடச் சில நாட்கள்தான். அறியாத துறையை ரேங்க் தருகிறது என்பதற்காக எடுத்து, இடையில் விட்டால் பல மாநிலங்களில் பெருந்தொகை கட்ட நேரிடும். அந்த அறையில் முதலாண்டு பட்டமேற்படிப்பு மாணவரோடு ஓர் இரவுப் பணி முழுக்க உட்கார்ந்து பார்க்கக் கலந்தாய்வுக்கு முன்பே அனுமதி கேட்கலாம்.