உப்பிய பவர் பேங்க்: ஒரு புகார் ஏறும் படிகள்

இணையத்தில் சார்ஜர், இயர்போன், பவர் பேங்க் விற்கும் கடைகள் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, அவருடைய பெயரையும் தொடர்பு விவரங்களையும் தங்கள் தளத்தில் வெளியிட வேண்டும். இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020 இதைக் கட்டாயமாக்குகின்றன. புகார் வந்து சேர்ந்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் உறுதி செய்ய வேண்டும். வந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்கவும் வேண்டும்.

இவை சட்டம் வைத்த வெளி எல்லைகள். இதற்குள் கடை தனக்கென்று படிகளை அமைத்துக்கொள்கிறது. வழக்கமாக முதல் படியில் வாடிக்கையாளர் சேவை ஊழியர், அடுத்து மேற்பார்வையாளர், அதற்கும் மேலே குறைதீர் அலுவலர். விலை குறைந்த கேபிளை, படம் பார்த்த உடனே மாற்றித்தர முதல் படி ஊழியருக்கே அதிகாரம் இருக்க வேண்டும். அதைத் திருப்பி வரவழைக்கும் கூரியர் செலவே பொருளின் விலையைத் தொட்டுவிடும்.

பவர் பேங்க் விஷயம் வேறு. ஜூன் 1 காலை பத்து மணிக்கு ஒருவர், நான்கு மாதங்களுக்கு முன் வாங்கிய பவர் பேங்க் உப்பியிருப்பதாகப் புகார் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே மின்கலம் கெட்டு வாயு சேர்ந்திருக்கிறது. தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. பழக்கதோஷத்தில் "கூரியரில் திருப்பி அனுப்புங்கள்" என்று முதல் படி ஊழியர் சொல்லிவிட்டால் அபாயம் பார்சலோடு பயணிக்கும். இத்தகைய புகார் படிப்படியாக ஏறக் கூடாது, அன்றே மேல்படிக்குப் போக வேண்டும். சார்ஜ் போடுவதை நிறுத்தச் சொல்லி, பில்லையும் பொருளின் படத்தையும், பின்புறம் உள்ள R- எனத் தொடங்கும் பதிவு எண்ணையும் கேட்டுப் பெற வேண்டும். அந்த எண் உண்மையானதா என்பதை BIS Care செயலியில் சரிபார்க்கலாம்.

இவருக்கு ஜூன் 3 காலை பத்து மணிக்குள் ஒப்புகை வர வேண்டும். அதன் பிறகுதான் பல புகார்கள் தடம் மாறுகின்றன. தீர்வு தராமலே "முடிந்தது" என்று குறித்து மூடிவிட்டு, மறுபடி அழைத்தால் புது எண் தருவது ஒரு வழக்கம். அப்படிச் செய்தால் கடையின் கணக்கில் நாள் மறுபடி ஒன்றிலிருந்து ஓடும். அதனால் ஒவ்வொரு கடிதத்திலும் முதல் புகார் எண்ணையும் தேதியையும் குறிப்பிடுவது அவசியம். "தயாரிப்பாளருக்கு அனுப்பியிருக்கிறோம்" என்ற பதிலாலும் அந்த ஒரு மாதம் நீளாது.

மாதம் கடந்தால் அடுத்த படி கடைக்கு வெளியே இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் புகாரை நிறுவனத்திடம் கொண்டுபோகும். ஆனால் உத்தரவிட முடியாது. உத்தரவிடும் அதிகாரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே உண்டு. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் இல்லை. வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் மனு செய்யலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 3 மாதம், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் 5 மாதம் என்று சட்டம் இலக்கு வைத்திருக்கிறது. நடைமுறையில் தாமதம் ஏற்படுவதுண்டு.

தெருமுனைக் கடையில் நேரில் வாங்கியவருக்கு 48 மணி நேர விதி பொருந்தாது. அவர் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு எழுத்தில் புகார் அனுப்பலாம். 1915-ம் ஆணையமும் அவருக்கும் உண்டு.