நாள் தள்ளிப்போய், ஒரு பக்கம் வலித்தால்

குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால், கர்ப்பமாக இருக்குமோ என்று வீட்டில் யாரும் நினைப்பதில்லை. சிக்கலே அங்குதான். ஆபரேஷன் தவறுவது அபூர்வம். ஆனால் தவறிக் கரு உண்டாகிவிட்டால், அது கர்ப்பப்பைக்கு வந்து சேராமல் கருக்குழாயிலேயே தங்கிவிடும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

முப்பத்திரண்டு வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆபரேஷன் முடிந்து 5 வருடம் ஆகிறது. இந்த மாதம் 10 நாள் தள்ளி, காப்பிப் பொடி நிறத்தில் லேசாகப் பட்டிருக்கிறது. ஒரு நாப்கின்கூட முழுதாக நனையவில்லை. வலது அடிவயிற்றில் விட்டுவிட்டு வலி. "சூடுதான்டி, வெந்தயத்தை மோர்ல போட்டுக் குடி" என்பார் மாமியார். மோர் குடிப்பதில் தப்பில்லை. அதோடு மெடிக்கல் ஷாப்பில் ஒரு கார்டு வாங்கிச் சிறுநீரைச் சோதித்துவிட வேண்டும்.

இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தாலும் கர்ப்பம்தான். ஆனால் கரு எங்கே இருக்கிறது என்பதைக் கார்டு சொல்லாது. ஸ்கேனில் கர்ப்பப்பை காலியாகத் தெரிந்தால் இரண்டு அர்த்தம் உண்டு: கரு இன்னும் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதாக இருக்கலாம், வேறு இடத்திலும் இருக்கலாம். அதனால் ரத்தத்தில் எச்.சி.ஜி. அளவைப் பார்த்து, 48 மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். நல்ல கர்ப்பமாக இருந்தால் முதல் நாள் 1,000 என்பது பெரும்பாலும் 1,500-ஐத் தாண்டும். இவருக்கு 1,200-லேயே நின்றால் டாக்டருக்குச் சந்தேகம் வலுக்கும். அளவு சரியாக ஏறினாலும் ஸ்கேனில் கருவைப் பார்க்கும் வரை விடமாட்டார்கள்.

சீக்கிரம் தெரிந்து, கருவும் சின்னதாக இருந்தால் மெத்தோட்ரெக்ஸேட் ஊசியிலேயே கரைத்துவிட முடியும், இல்லாவிட்டால் லேப்ராஸ்கோப்பி. இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. ஸ்கேன் எடுக்காமல் கடையில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். உதிரம் போகும், கலைந்துவிட்டது என்று நிம்மதியாக இருப்பார்கள். குழாயில் இருக்கும் கருவை அந்த மாத்திரை கலைக்காது.

கர்ப்பப்பையைப் போலக் குழாய் விரிந்துகொடுக்காது. கடைசி மாதவிலக்கிலிருந்து 6 முதல் 8 வாரத்துக்குள் பெரும்பாலும் தொந்தரவு தொடங்கிவிடும். குழாய் வெடித்தால் ரத்தம் வயிற்றுக்குள் கொட்டும், வெளியே சில சொட்டுதான் தெரியும். அந்த ரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால் தோள்பட்டை நுனியில் வலிக்கும். வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்து நேரத்தைப் போக்குவது இந்தக் கட்டத்தில்தான்.

ஆபரேஷன் ஆகாதவருக்கும், காப்பர்-டி போட்டவருக்கும், ஒரு குறையும் இல்லாதவருக்கும்கூட இது வரலாம். வலி ஒரு பக்கமாகத்தான் இருக்கும் என்ற கட்டாயமும் இல்லை. நாள் தள்ளி, வலியோ படுவதோ இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். தலைசுற்றல், மயக்கம், தோள்வலி, திடீரென்று தாங்கமுடியாத வயிற்றுவலி என்றால் கார்டு, ஸ்கேன் எதற்கும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.