கதை சொல்லும் செயலியில் 24 என்பது எவ்வளவு பெரிது?

குழந்தைகளுக்கான கதைச் செயலி செய்கிறவரிடம் எழுத்தின் அளவு என்ன என்று கேட்டால், பெரும்பாலும் 24 என்பார். படக்கதைப் புத்தகம் அச்சிடுகிறவரும் 24 என்று சொல்லக்கூடும். இரண்டும் ஒரே 24 அல்ல. அச்சுக்காரரின் அளவு பாயிண்ட். ஓர் அங்குலத்தில் 72 பாயிண்ட் உண்டு. ஆண்ட்ராய்டு போனில் எழுத்தை அளப்பது `sp` என்ற அலகால். ஓர் அங்குலத்துக்கு அது ஏறக்குறைய 160. ஆகவே போனில் 24 என்பது அங்குலத்தில் 0.15 பங்கு, நாலு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. பாயிண்டில் சொன்னால் 11-ஐக்கூடத் தொடாது. பெரியவர்கள் படிக்கும் நாவலில் இருக்கும் எழுத்து அது. ஐந்து வயதுக் குழந்தைக்குப் பெரிய எழுத்து கொடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, அப்பாவின் எழுத்தைக் கொடுத்திருப்போம்.

புத்தகத்தைவிடப் போனைக் கண்ணுக்கு அருகில் பிடிப்பதால் கொஞ்சம் ஈடுகட்டிவிடலாம். புத்தகம் கண்ணிலிருந்து 40 செ.மீ. தொலைவிலும் போன் 30 செ.மீ. தொலைவிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். புத்தகத்தில் 18 பாயிண்டாகத் தெரிகிற எழுத்து, போனில் அதே பருமனில் தெரிய 13.5 பாயிண்ட் போதும். அதாவது 30 `sp`. முதல் வகுப்புக் குழந்தைக்கான பேச்சை இந்த எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும். குழந்தை கொஞ்சம் தேறியதுமே எழுத்தைச் சிறிதாக்கிவிடும் பழக்கமும் நல்லதல்ல. ஆர்னால்ட் வில்கின்ஸும் அவருடைய சகாக்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் படிக்கும் பள்ளிக் குழந்தைகள் வழக்கமாகத் தரப்படும் அளவைவிடப் பெரிய எழுத்தை விரைவாகப் படித்தார்கள். பதிப்பகங்கள் எழுத்தைச் சுருக்குவதில் அவசரப்படுகின்றன என்பது அவர்களுடைய வாதம்.

அப்படியானால் 30 வைத்துவிட்டுப் போகலாமே? ஆங்கிலத்தில் போகலாம். தமிழில் குறுக்கே நிற்பது சொல்லின் நீளம்.

சாதாரணப் போன் ஒன்றின் திரை அகலம் 360 அலகு. இரு பக்கமும் 24 அலகு ஓரம் விட்டால் எழுத்துக்கு மிஞ்சுவது 312. இதில் 'சொல்லிக்கொண்டிருந்தாள்' என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். கொம்பையும் காலையும் தனித்தனி வடிவமாக எண்ணினால் மொத்தம் 16 வடிவங்கள். எழுத்தின் அளவில் ஐந்தில் நாலு பங்கு ஒரு வடிவத்தின் சராசரி அகலம் என்று கொண்டால், 24-இல் இந்தச் சொல் 307 அலகு பிடிக்கும். வரி முழுவதும் இந்த ஒரே சொல். அளவை 30 ஆக்கினால் 384, வரியில் அடங்காது. செயலி சொல்லை ஏதோ ஓரிடத்தில் வெட்டி அடுத்த வரிக்குத் தள்ளும். 'சொல்லிக்கொண்டிரு' ஒரு வரி, 'ந்தாள்' அடுத்த வரி. எந்தத் தமிழ்ச் சொல்லும் 'ந்'-இல் தொடங்காது என்று இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிற குழந்தைக்கு முன்னால் அப்படியொரு வரி வந்து நிற்கிறது. குரல் அந்தச் சொல்லைச் சொல்லும்போது அதன் பின்னால் ஏறும் நிறமும் இரண்டு துண்டாகத் தெரியும். காதில் விழுவது ஒரு சொல், கண்ணில் படுவது இரண்டு பட்டை.

எழுத்தைச் சிறிதாக்கித் தப்பிக்கத்தான் பலருக்கும் கை போகும். வாக்கியத்தை மாற்றுவதே சரி என்பேன். 'சொன்னாள்' என்பதில் ஏழே வடிவங்கள்; 30-இலும் அரை வரியைக் கொஞ்சம்தான் தாண்டும். முதல் நிலைக் கதைக்கு 28 என்று வைத்துக்கொண்டால், 13 வடிவங்களுக்கு மேல் போகும் சொல் கதையில் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். எழுத்தாளர்களுக்கு இது பிடிக்காது. ஆனால் ஐந்து வயதுக்காரருக்கு எழுதும்போது வினைமுற்றை இழுக்காமல் இருப்பது கதைக்கும் நல்லதுதான். போனைப் படுக்கையாகத் திருப்பினால் அகலம் இரட்டிப்பாகும், படத்துக்கு இடம் போய்விடும். அதைக் குழந்தையிடமே விட்டுவிடலாம்.

அளவு முடிவானாலும் எழுத்துரு மாறினால் கணக்கு மாறிவிடும். தமிழில் மேலே விலங்கும் சுழியும், கீழே உகர, ஊகாரக் குறிகளும் வருவதால், அவற்றுக்கு இடம் விட்டே எழுத்தின் உடலை வரைகிறார்கள். எவ்வளவு இடம் என்பது வரைகிறவரின் விருப்பம். ஒரே 28-இல் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரான் ஆகிய மூன்றிலும் 'ப' என்று அடித்து, திரையின்மேல் அடிகோலை வைத்து உயரத்தை அளந்து பாருங்கள். ஒப்பிட வேண்டியது அந்த உயரத்தைத்தான்.

அடுத்தது, ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகள். பெரியவர்கள் சொல்லை மொத்தமாகப் பார்த்துப் படித்துவிடுவதால் இது அவர்களுக்கு உறைக்காது. 'ர'வுக்கும் துணைக்காலுக்கும் உள்ள வேறுபாடு அடியில் உள்ள சிறு வால் மட்டுமே. சில எழுத்துருக்கள் 'ரி', 'ரீ', 'ர்' ஆகியவற்றில் அந்த வாலையும் எடுத்துவிடும். அப்போது 'பார்' என்ற சொல்லில் இரண்டு கால்கள் அடுத்தடுத்து நிற்கும், ஒன்றின் தலையில் மட்டும் புள்ளி. 'கௌதாரி'யின் முதலெழுத்தில் பின்னால் வரும் பகுதி 'ள' போலவே இருந்தால் குழந்தை அதைக் 'கெளதாரி' என்று படிக்கும், அதில் குழந்தையின் தவறு ஒன்றுமில்லை. ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும், 'ஒ'வுக்கும் 'ஓ'வுக்கும் நடுவே இருப்பது ஒரு சுழி அளவு வித்தியாசம். புள்ளி மெலிந்திருந்தால் 'க்' 'க'வாகிவிடும். ஆகவே எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க, காரம், பார், பாரி, கௌதாரி, ஒடு, ஓடு, தண்ணீர், பன்னீர் என்று ஒரு திரையில் அடித்து, விலை குறைந்த போன் ஒன்றில் கை நீட்டிப் பிடித்துப் பார்த்தாலே பாதி எழுத்துருக்கள் கழிந்துவிடும். பலூ தம்பி போன்ற உருண்டு திரண்ட எழுத்துருக்கள் குழந்தைகளுக்கென்றே பிறந்தவைபோல் தோன்றும். தலைப்புக்கு அழகாகத்தான் இருக்கும். கதைக்குள் வந்தால் 'ண'வின் சுழிகள் அடைபட்டு 'ன'வோடு போட்டியிடும்.

இனி, குரலோடு சேர்ந்து நகரும் நிறம். பெரியவர் கதை படித்துக் காட்டும்போது சிறு குழந்தையின் கண் படத்தில்தான் இருக்கும், எழுத்துப் பக்கம் அரிதாகவே வரும். கனடாவில் மேரி ஆன் எவன்ஸும் ஜீன் செயின்ட்-ஓபினும் கண்ணசைவைப் பதிவுசெய்து 2005-இல் இதைக் காட்டினார்கள். சொல்லின்மேல் நிறம் ஏறுவது அந்தக் கண்ணை எழுத்துக்கு இழுக்கத்தான். இந்தியாவில் இந்த உத்திக்குப் பழைய முன்னோடி உண்டு: பிரிஜ் கோத்தாரியின் முயற்சியால் 1999-இல் குஜராத்தி தூர்தர்ஷனில் திரைப்பாடல்களின் வரிகள் பாடும் மொழியிலேயே திரையின் அடியில் ஓடின, பாட்டு நகர நகரச் சொற்களின் நிறமும் மாறியது.

நிறம் ஏறும்போது எழுத்து இம்மியும் அசையக்கூடாது. சொல்லைத் தடிமனாக்கியோ பெரிதாக்கியோ காட்டினால் அதன் அகலம் கூடும். வரியின் கடைசிச் சொல் கீழே குதிக்கும், அடுத்த நொடி மேலே ஏறும். குழந்தை துள்ளும் சொல்லைப் பார்க்குமே தவிரப் படிக்காது. எழுத்தின் நிறத்தை மாற்றினாலும் மெல்லிய கோடுகள் வெளிறிப்போகும். கறுப்பு எழுத்து அப்படியே இருக்க, பின்னால் வெளிர்மஞ்சள் பட்டை விழுவதே போதும்.

அந்தப் பட்டையின் உயரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. வரிகள் நெருக்கமாக இருந்தால் மேல்வரியின் பட்டை கீழ்வரியின் 'மீ'யின் சுழியைத் தொடும், 'தூ'வின் வால் பட்டைக்கு வெளியே தொங்கும். எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்குக்குக் குறையாத வரி இடைவெளி தமிழுக்கு வேண்டும். இதில் ஆண்ட்ராய்டின் பங்கும் உண்டு. போனில் உள்ள தமிழ் எழுத்துருவையே பயன்படுத்தும் செயலிகளில், மெனுக்களில் அடங்குவதற்காக உயரத்தை அமுக்கிய வடிவம் பலகாலம் இயல்பாக வந்துகொண்டிருந்தது. `elegantTextHeight` என்ற அமைப்பை இயக்கினால்தான் முழு உயரம் கிடைக்கும். ஆண்ட்ராய்டு 15-ஐ இலக்காக வைத்துச் செய்யும் செயலிகளில்தான் அது தானாகவே இயக்கத்தில் வருகிறது. பழைய போனிலும் புதிய போனிலும் ஒரே கதை வேறுவேறு உயரத்தில் தெரிந்தால் முதலில் இதைப் பார்க்க வேண்டும். எழுத்துருவைச் செயலியோடு சேர்த்தே கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

சொல்லாக இல்லாமல் எழுத்தெழுத்தாக நிறம் ஏற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்பேன். 'கொ' என்பது கணினிக்குள் 'க', அதன்பின் ஓர் ஒகரக் குறி என்ற வரிசையில் இருக்கிறது. திரையில் அந்தக் குறியின் பாதி முன்னால் வருகிறது. நிறத்தின் எல்லை இரண்டுக்கும் நடுவே விழுந்தால் எழுத்து உடைந்து, தனித்து நிற்கும் கொம்போடு புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். முழு எழுத்துகளாகப் பிரித்தால் இது தீரும் என்றாலும், 'லக்ஷ்மி'யில் 'க்ஷ' இரண்டாக எண்ணப்பட்டு மறுபடி உதைக்கும்.

சொல்லளவிலும் தமிழ் சும்மா விடாது. பதிவுசெய்த குரலை ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் திறந்து, ஒவ்வொரு சொல்லும் தொடங்கி முடியும் நொடியைக் குறித்தால் இப்படி வரும்:

```
0.35	0.80	அவன்
0.80	1.52	ஓடினான்
```

இயல்பாகப் பேசுகிறவர் 'அவனோடினான்' என்பார். 0.80 என்ற கோடு 'னோ'வின் நடுவில் விழுகிறது. கோட்டை எங்கே நகர்த்தினாலும் ஒரு சொல்லுக்கு நிறம் சற்று முந்தும் அல்லது பிந்தும். பிந்துவதைவிட முந்துவது மேல். சொல் காதில் விழும் நேரத்தில் கண் ஏற்கெனவே அங்கே இருக்க வேண்டும். இன்னும் நல்ல வழி, பதிவின்போதே சொற்களுக்கிடையே சிறு மூச்சு விட்டுப் படிக்கச் சொல்வது. 'கதையைச் சொன்னாள்' போன்ற இடங்களில் மட்டும் ஒற்றை அழுத்திச் சேர்த்துப் படிக்கட்டும். அங்கே இரு சகரங்களுக்கும் நடுவே வாய் மூடியிருக்கும் நொடியில் கோட்டைப் போட்டால் பொருந்தும்.

இவ்வளவும் செய்தபிறகு வீட்டில் ஒருவர் போனின் அமைப்புகளுக்குள் போய், தாத்தாவுக்காக எழுத்தளவை 1.3 மடங்கு ஆக்கியிருப்பார். `sp` அலகு அந்த விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது, எனவே பழைய ஆண்ட்ராய்டு போன்களில் 28 சட்டென்று 36-ஐத் தாண்டும், 13 வடிவக் கணக்கு 10-ஆகக் குறையும். கதைப் பக்கத்தில் மட்டும் இதைப் பின்பற்றாமல், செயலிக்குள்ளேயே மூன்று அளவுகள் கொடுத்து, ஒவ்வோர் அளவிலும் ஒவ்வொரு கதையின் மிக நீளமான சொல் வரியில் அடங்குகிறதா என்று வெளியிடும் முன்பே நிரலை வைத்துச் சோதித்துக்கொள்ளலாம்.